ஆசிரியர் அறையில் ராணி உண்டு

நான் படித்தவள் என்பதற்கான அத்தாட்சி முழுவதும் ஒரு பச்சை இரும்பு பீரோவுக்குள் இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் முனைவர் பட்டம் வரை. அந்த பீரோ எங்கள் வீட்டில் இல்லை. நான் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியில், தாளாளர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறது. வேலையில் சேர்ந்த அன்று, "சரிபார்த்துட்டு தந்துருவோம் மேடம்" என்று வாங்கி வைத்தார்கள். இன்னும் சரிபார்க்கிறார்கள் போலிருக்கிறது.

இது சட்டப்படி தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். "கேஸ் போடு" என்று சொல்லாத ஆள் கிடையாது. சொல்கிறவர்களில் ஒருவரும் கேஸ் போட்டவர் கிடையாது. எனக்கு முன்னால் ஒருத்தி போட்டாள். சான்றிதழ் கிடைத்தது. ஆனால் அனுபவச் சான்றிதழில் நடத்தை பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை அந்த வெற்றிடத்தின் அர்த்தம் தெரியாத கல்லூரி இல்லை. அவள் இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். எங்கள் அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்துவிட்டார்.

எனக்குப் பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தபோது நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். ஒலிகளைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் கணினி மாடல்களைச் செய்கிற இடம். வைகாசியில் சேர வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கையில் கொண்டு வர வேண்டும். தாளாளரிடம் போய் நின்றேன். முந்திரி ஆலை நடத்திச் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். கோபப்படவே மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பயம்.

"தேன் புராஜெக்ட முடிச்சு குடுங்க மேடம். மேடையில வச்சே கையில தாறேன்" என்றார்.

தேன் புராஜெக்ட் என்னுடையது. நான்தான் எழுதி, நான்தான் நிதி வாங்கி வந்தேன். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு: எந்தப் பெட்டியில் ராணி ஈ இருக்கிறது, எதில் செத்துப்போனது என்று பெட்டியைத் திறக்காமல் தெரியாது. அடிக்கடி திறந்தால் ஈக்கள் மிரண்டு கூட்டை விட்டே போய்விடும். மழைக்காலத்தில் திறக்கவே முடியாது. ராணி இல்லாத கூட்டின் இரைச்சல் வேறு மாதிரி இருக்கும் என்பார்கள். அப்படியானால் ஒரு ரெக்கார்டரைப் பெட்டியில் மாட்டி, சத்தத்தை வைத்தே மாடல் சொல்லிவிடாதா?

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்திருந்த ஒரு தேன்காரர் உதவ முன்வந்தார். ரப்பர் இலையுதிர்த்துத் துளிர்க்கும் மாதங்களில் இலைக்காம்பில் தேன் ஊறும். அப்போது தோட்டம் முழுக்கப் பெட்டி. அவர் கெட்டிக்காரர், அவசரக்காரர். "எனக்கு பெட்டியத் தட்டுனாலே தெரியும் டீச்சரே" என்று ஒரு பெட்டியைத் தட்டி, "இதில ராணி இல்ல" என்றார். திறந்தால் ராணி நிதானமாகத் தேனடையில் நடந்துகொண்டிருக்கிறது. "நல்ல காலம், வந்துட்டு" என்றார். அந்த மனிதருக்குக் கூச்சம் என்பதே கிடையாது.

நாள் கணக்கில் சத்தம் சேர்ந்தது. ஆனால் எந்தச் சத்தம் எந்த நிலை என்று குறிப்பு இருந்தது சில பெட்டிகளுக்கு மட்டும்தான். அவற்றில் சிலவற்றில் தேன்காரர் பதிவு தொடங்கும் முன்பே ராணியை எடுத்து வேறு பெட்டிக்கு மாற்றி, புது ராணி வளரும் அறைகளையும் கிள்ளிவிட்டிருந்தார். மீதிப் பெட்டிகளை யாரும் திறக்கவே இல்லை. பெயர் ஒட்டாத டப்பாக்கள் நிறைந்த அடுக்களை மாதிரி ஒலிக்கோப்புகள் குவிந்து கிடந்தன.

பெயர் ஒட்டாத சரக்கை வைத்துப் படிக்க ஒரு வழி உண்டு. அதுதான் என் தொழில். ஒரே ரெக்கார்டிங்கில் இருந்து இரண்டு துண்டை வெட்டி எடுப்பது. ஒவ்வொன்றையும் கொஞ்சம் கெடுப்பது: ஒலியைக் கூட்டுவது குறைப்பது, சில அலைவரிசைகளை மறைப்பது. பிறகு மாடலிடம், "இந்த இரண்டும் ஒரே இடத்துப் பிள்ளைகள், பக்கத்தில் உட்கார வை, மற்ற எல்லாத் துண்டுகளையும் தள்ளி வை" என்பது. இதை லட்சக்கணக்கான தடவை செய்ய வைப்பது. ராணி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. ஒரு துண்டைக் கேட்டதும் அதன் ஜோடியைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், கெடுத்த பிறகும் இரண்டிலும் மிச்சம் இருப்பது எது என்று மாடல் தேடித்தான் ஆக வேண்டும். தேடித் தேடி ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண்வரிசையைத் தரக் கற்றுக்கொள்ளும். அந்த எண்கள் நல்லவையாக இருந்தால், குறிப்பு உள்ள கொஞ்சம் துண்டுகளை வைத்து நடுவில் ஒரு கோடு போட்டால் போதும். இந்தப் பக்கம் ராணி உண்டு, அந்தப் பக்கம் இல்லை.

எல்லாம் சரி. ஆனால் இரண்டிலும் மிச்சம் இருப்பது என்னவென்று தீர்மானிப்பது மாடல், நாம் இல்லை. இதை வகுப்பில் வருஷா வருஷம் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அடிக்கோடு வேறு போடுவேன்.

முடிவு வந்தபோது படம் கண்ணைப் பறித்தது. ஒவ்வொரு துண்டையும் ஒரு புள்ளியாக வைத்து வரைந்தால், புள்ளிகள் தனித்தனிக் கொத்தாக அழகாகப் பிரிந்து நின்றன. கோடு போட்டுப் பார்த்தால் சோதனைத் துண்டுகளில் கிட்டத்தட்ட ஒன்றுகூடத் தப்பில்லை. பெங்களூர்க்காரர்கள் நேர்காணலில் இந்தப் படத்தைத்தான் மறுபடி மறுபடி காட்டச் சொன்னார்கள். வேலை தந்ததே இதைப் பார்த்துத்தான். நான் சந்தோஷத்தில் ஆசிரியர் அறைக்கே பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன்.

என் பக்கத்து மேசைக்காரி கணக்குப் பாடம் எடுப்பவள், முட்டத்துக்காரி. அந்த அறையில் எனக்கு இருக்கிற ஒரே காற்று அவள்தான். அவளும் சான்றிதழைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவள்தான். பழம்பொரியைத் தின்றுகொண்டே, "ஏட்டி, ஈக்கெல்லாம் படிச்சு குடுத்துட்ட. நம்ம பிள்ளையளுக்கு எப்பம் குடுக்கப் போற?" என்று கேட்டாள்.

அந்த வாரம் ஏழாம் எண் ரெக்கார்டரை மின்கலம் மாற்றக் கொண்டுவந்திருந்தேன். புது மின்கலத்தைப் போட்டு மேசையில் வைத்தவள் அணைக்க மறந்துவிட்டேன். ஒரு பகல் முழுக்க அது ஆசிரியர் அறையைப் பதிவுசெய்துகொண்டு கிடந்திருக்கிறது. மறுநாள் கோப்புகளைக் கணினிக்கு மாற்றியபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. மாடல் வழக்கம்போல எல்லாவற்றையும் கேட்டுத் தீர்ப்பு எழுதியது. தேதியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று ஏழாம் ரெக்கார்டர் தோட்டத்தில் இல்லையே! கோப்பைப் போட்டுக் கேட்டேன். மின்விசிறி. நாற்காலி இழுக்கும் சத்தம். டிபன் பாத்திர மூடி. நடுவில் என் குரல்: "இன்னும் ஒரு மாசந்தான் மக்கா. நான் போயிருவேன்." உடனே அவள் சிரிப்பு: "ஏட்டி, போ. போய் எனக்கும் ஒரு எடம் பிடிச்சு வை."

மாடலின் தீர்ப்பு: ஏழாம் பெட்டி. ராணி உண்டு. அதுவும் சந்தேகமே இல்லாமல்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "உள்ளதாக்கும். ஆனா ராணி ஆருட்டி? நீயா நானா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தோன்றியது: ஈயே இல்லாத அறையில் அது எதைக் கேட்டு ராணி உண்டு என்றது?

மூன்றாம் எண் ரெக்கார்டர் ராணி இல்லாத பெட்டியில் இருப்பது. மறுநாள் அதைக் கொண்டுவந்து அதே மேசையில் வைத்தேன். அதே மின்விசிறி, அதே ஆட்கள். தீர்ப்பு: ராணி இல்லை. "எளவு, ஒரே நாளில ராணியக் கொன்னுட்டியேட்டி" என்றாள் முட்டத்துக்காரி. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். நிதி போதாமல் கிடைத்த ரெக்கார்டர்களை எல்லாம் வாங்கியிருந்தேன், ஒவ்வொன்றும் ஒரு ரகம். ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. நம் காதுக்கு எட்டாது, மாடலுக்கு எட்டும். ஒரே ரெக்கார்டிங்கில் இருந்து இரண்டு துண்டு எடுத்தால், நான் எவ்வளவு கெடுத்தாலும் அந்த இரைச்சல் இரண்டிலும் இருக்கும். மற்ற பெட்டிகளின் துண்டுகளில் வேறு இரைச்சல். ஜோடியைக் கண்டுபிடிக்க அதைவிடச் சுலபமான வழி ஏது? அது ஈயைக் கேட்கவே இல்லை. எதற்குக் கேட்க வேண்டும்? நான் கேட்ட கேள்விக்குக் குறுக்கு வழியில் சரியான பதில் இருந்தது, எடுத்துக்கொண்டது. ஒரு பெட்டிக்கு ஒரு ரெக்கார்டர், ஒரு பெட்டிக்கு ஒரு நிலை என்று வைத்ததால், ரெக்கார்டரை அடையாளம் கண்டாலே ராணியைச் சொல்லிவிடலாம். சோதனைத் துண்டுகளும் அதே பெட்டிகளில் இருந்து வந்தவைதானே. சில பெட்டிகளை முழுசாக ஒதுக்கி வைத்து, மாடல் கேட்டே இராத பெட்டிகளில் மட்டும் சோதித்துப் பார்த்தேன். பூவா தலையா போட்டாலும் அந்த முடிவுதான் வரும்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மாடல் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? அது பொய் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது.

தாளாளரிடம் போனேன். என்ன பைத்தியத்தில் போனேன் என்று தெரியவில்லை. புரியும்படி சொல்லலாம் என்று நினைத்தேன்.

"சார், இது தேனீயக் கேக்கல. ரெக்கார்டரத்தான் கேக்குது. இன்னொரு சீசன் வேணும். ரெக்கார்டர மாத்தி மாத்தி வச்சு புதுசா எடுக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டெமோல வேலை செய்யுமா?"

"ரெக்கார்டர மாத்தாம இருந்தா செய்யும் சார்."

"பின்ன மாத்தாண்டாம்."

அவ்வளவுதான். அவர் தலைக்குப் பின்னால் பச்சை பீரோ. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "விருந்தாளிங்களக் கூப்பிட்டாச்சு மேடம். டெமோ முடிஞ்ச உடனே மேடையில ஃபைலக் குடுத்துருவேன். நீங்க பெங்களூரு போய் நல்லா இருக்கணும்" என்றார். நிஜமாகவே நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். சண்டை போட்டிருந்தால் எனக்கு வெளியே வர ஒரு வாசல் இருந்திருக்கும்.

அடுத்த நாட்களில் நான் என்னவெல்லாம் கணக்குப் போட்டேன்! வாயை மூடிக்கொண்டு போய்விடலாம். அங்கே போய்ச் சரிசெய்து, திருத்தம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அங்கே என்னை எடுத்ததே அந்தப் படத்துக்காக. முதல் நாளே அந்தக் கோப்புகளைக் கேட்பார்கள். கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள். பெட்டிவாரியாகப் பிரித்து ஒரே ஒரு சோதனை, முடிந்தது கதை. சொன்னாலும் மாட்டிக்கொள்வேன், சொல்லாவிட்டாலும் மாட்டிக்கொள்வேன்; இங்கே மாட்டுவதா அங்கே மாட்டுவதா என்பதுதான் என் கையில் இருந்தது. வீட்டில் அம்மா புதுப் பெட்டி வாங்கிச் சேலைகளை அடுக்க ஆரம்பித்திருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. "ஏன்டி எலும்பா போற?" என்று அதற்கும் திட்டு.

இதற்கு நடுவில் தேன்காரருக்குத் தினமும் போன். "அண்ணாச்சி, ரெக்கார்டரத் தொடாதீங்க. துடைக்கக்கூட எடுக்காதீங்க. எது எங்க இருக்கோ அங்கேயே இருக்கட்டு." அவர், "அது என்ன டீச்சரே, சாமி சிலையா?" என்று கேட்டார். மேடையேற நான் தயாராகிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

டெமோ நாளில் கருத்தரங்கு அறை நிறைந்திருந்தது. முன்வரிசையில் தாளாளர், தோட்டக்கலை அதிகாரி ஒருவர், பக்கத்துக் கல்லூரிக்காரர்கள், கசவு வேட்டியில் தேன்காரர். மூன்றாம் பெட்டியையும் ஏழாம் பெட்டியையும் ரெக்கார்டரோடு கொண்டுவந்து கல்லூரித் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். திரையில் தீர்ப்பு: ஏழில் உண்டு, மூன்றில் இல்லை. எல்லாரும் வெளியே போனார்கள். தேன்காரர் புகை போட்டுத் திறந்தார். ஏழில் ராணி இருந்தது. மூன்றில் இல்லை. கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். முட்டத்துக்காரி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மேசையில் ஒரு பழுப்பு ஃபைல். என் ஃபைல். அதன் ஓரத்தில் என் கல்லூரிக் காலத்துப் புகைப்படம் தெரிந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். தேன்காரரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தால் விடுவாரா?

"இனி மழையில பெட்டியத் தொறக்காண்டாம். இது ராணி இல்லன்னு சொன்னா, அந்தப் பெட்டிய அடுத்த பெட்டியோட சேத்துருவேன். ராணி உண்டுன்னா அதப் பாட்டுக்கு விட்டுருவேன். எங்க ஆளுக எல்லாருக்கும் சொல்லியாச்சு. எல்லாப் பெட்டிக்கும் மாட்டப் போறோம்."

ராணி உள்ள கூட்டை இன்னொரு ராணி உள்ள கூட்டோடு சேர்த்தால் ராணிகள் சண்டை போட்டு ஒன்று சாகும். ஈக்களும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சாகும். ராணி இல்லாததைச் சும்மா விட்டால் மழை முடிவதற்குள் கூடு காலி. பூவா தலையா போட்டு இந்த மனிதர் அந்த மழைக்காலம் முழுக்கக் கூடுகளைக் கொல்லப் போகிறார். ரெக்கார்டரைத் தொடாதே என்று நான் சொன்னதெல்லாம் இந்த ஒரு நாளுக்காக என்று அவருக்குத் தெரியாது.

தாளாளர் ஃபைலைக் கையில் எடுத்தார். எழுந்தும் விட்டார். நான் அதற்குள் கணினிப் பக்கம் போய்விட்டேன்.

"ஒரு நிமிஷம் சார். இன்னொரு ஒலி இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

ஆசிரியர் அறைக் கோப்பைப் போட்டேன். ஒலிபெருக்கியில் மின்விசிறி சுழன்றது. டிபன் பாத்திர மூடி விழுந்தது. பிறகு அரங்கம் முழுக்க என் குரல்: "இன்னும் ஒரு மாசந்தான் மக்கா. நான் போயிருவேன்." திரையில் பச்சை எழுத்தில்: ஏழாம் பெட்டி, ராணி உண்டு.

சிலர் சிரித்தார்கள். அதிகாரி, ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்துக் கைகூடத் தட்டினார்.

"இது எங்க ஆசிரியர் அறை. இதுல ஒரு ஈகூட இல்ல. இந்த மாடல் ஈயக் கேக்கல, ரெக்கார்டரோட இரைச்சலக் கேக்குது. ரெக்கார்டர மாத்தி மாட்டுனா தப்புத் தப்பா சொல்லும். அண்ணாச்சி, தயவுசெஞ்சு இத நம்பி எந்தப் பெட்டியையும் சேக்காதீங்க."

தேன்காரர் முகம் செத்துப்போயிற்று. "அப்பம் இத்தற நாளும் தொடாத தொடாதன்னு சொன்னது?" என்று கேட்டார். ஒலிபெருக்கி இன்னும் அவர் கையில்தான் இருந்தது, எல்லாருக்கும் கேட்டது. நான் கோப்பை நிறுத்தினேன்.

தாளாளர் சிரித்த முகத்தோடுதான் பேசினார். "ஆராய்ச்சின்னா இப்பிடித்தான். எங்க மேடத்துக்க நேர்மையப் பாத்தியளா? அடுத்த வருஷம் இன்னும் சிறப்பா முடிப்பாங்க." அப்போது கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. கைதட்டல் நடுவே அவர் ஃபைலை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கீழே இறங்கும்போது என் பக்கம் குனிந்து, "முடியாத புராஜெக்ட விட்டுட்டு எப்பிடி மேடம் போவீங்க?" என்றார்.

பெங்களூருக்கு நானே எழுதினேன். நல்லவர்கள், ஏசவில்லை. உங்கள் திருத்தத்தைப் படித்தோம், இதைக் கண்டுபிடித்தது நல்ல வேலை என்று பதில் வந்தது. அசல் சான்றிதழ் எப்போது வரும் என்றும் கேட்டார்கள். சில மாதம் காத்திருந்தார்கள். பிறகு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அம்மா புதுப் பெட்டியில் இருந்த சேலைகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள்.

அடுத்த துளிர்க்காலத்தில் மறுபடி தோட்டத்துக்குப் போனேன். தேன்காரர் முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு, "உள்ளதச் சொன்னது நீங்கதானே, போகட்டு" என்று பெட்டிகளைத் தந்தார். இந்த முறை ரெக்கார்டர்களை ஒரு பெட்டியில் தங்கவிடவில்லை. சுற்றிச் சுற்றி மாற்றினேன். ஜோடி எடுக்கும் விதத்தையே மாற்றினேன்: ஒரே பெட்டி, அடுத்தடுத்த நாட்கள், ஆனால் இரண்டு துண்டும் வெவ்வேறு ரெக்கார்டரில் இருந்து. தள்ளி வைக்க வேண்டியதை அதே ரெக்கார்டரில் இருந்து, வேறு பெட்டியில் இருந்து எடுத்தேன். சில பெட்டிகளில் பதிவின் நடுவில் ராணியை எடுக்கச் சொல்லி, அதே பெட்டியில் எடுப்பதற்கு முந்தைய வாரங்களையும் பிந்தைய வாரங்களையும் எதிரெதிரே நிறுத்தினேன். இனி இரைச்சலைப் பிடித்துக்கொண்டால் ஜோடி கிடைக்காது. வேறு வழியில்லாமல் அது ஈயைக் கேட்டாக வேண்டும். ஒரு பிள்ளையை மூலையில் உட்கார வைத்துப் படிக்க வைப்பது போலத்தான். வாசல் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்தேன். சாத்தும்போதெல்லாம் எனக்கு அதன் மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

படம் இந்தத் தடவை அழகாக இல்லை. கொத்துகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஆனால் மாடல் கேட்டே இராத பெட்டிகளில் தப்பைவிடச் சரி நிறைய வந்தது. தேன்காரர் திறந்து திறந்து பார்த்தார். நாலைந்து தடவை அவர் தட்டிப் பார்த்துச் சொன்னது தப்பாகி, அது சொன்னது சரியானதும், "கள்ளப்பயலுக்கு புத்தி வந்துட்டு" என்றார். பழைய ஆசிரியர் அறைக் கோப்பையும் போட்டேன். கேட்ட கூடுகள் எதோடும் ஒட்டாத ஒலிக்கு, "தெரியவில்லை" என்று சொல்லும்படி ஓர் எல்லை வைத்திருந்தேன். தெரியவில்லை என்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பதிலுக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முடிவை எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனேன். எழுந்து நின்று கைகொடுத்தார். அதிகாரிக்குப் போன் செய்து, மாவட்டம் முழுக்கப் பெட்டிகளில் மாட்டப் போகிறோம் என்று அப்போதே சொன்னார். நான் காத்திருந்து, "சார், புராஜெக்ட் முடிஞ்சாச்சு. சர்டிபிகேட்" என்றேன்.

அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "இப்பந்தானே மேடம் வேலை செய்யத் தொடங்குது. இத நடத்த ஆள் வேண்டாமா? நீங்க இல்லாம யாரு?"

அறையைவிட்டு எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. முடியாதபோது முடியாததால் போக முடியாது. முடிந்தபோது முடிந்ததால் போக முடியாது. அவரை ஏமாற்றுக்காரர் என்று திட்டித் தீர்க்கத்தான் ஆசை. ஆனால் அவர் பொய்யும் சொல்லவில்லை. என்னைவிட்டால் அதை நடத்த அங்கே ஆள் இல்லை. அதை அப்படி ஆக்கியதும் நான்தான்.

போன மாதம் தோட்டத்தில் இருந்து வந்த ரெக்கார்டர்களைச் சுத்தம் செய்தபோது ஒன்று மறுபடி என் மேசையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வேண்டுமென்று வைக்கவில்லை, கை மறந்தது. மறுநாள் மாடல் அந்தக் கோப்புக்கு, "தெரியவில்லை" என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் போட்டுக் கேட்டேன்.

பழைய கோப்பையும் எடுத்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். அது ஏழாம் ரெக்கார்டர், இது மூன்றாவது. அது போன வருஷம், இது இந்த வருஷம். மின்விசிறியைக்கூட இதற்குள் மாற்றிவிட்டார்கள், சத்தம் வேறு. என் தொழிலில் இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது: எல்லாம் மாறியிருக்கிறது, ஒன்று மட்டும் மிச்சம். இரண்டிலும் டிபன் பாத்திர மூடிக்குப் பின்னால் என் குரல் வருகிறது. இன்னும் ஒரு மாசந்தான் மக்கா, நான் போயிருவேன்.

முதல் கோப்பில் நான் அதைச் சொன்னதும் அவள் சிரிக்கிறாள். இரண்டாவதில் அவள் சிரிக்கவில்லை. "குழம்பு வேணுமா?" என்று கேட்கிறாள்.